மலைப்பாதை வாந்தி, கப்பல் வாந்தி: காதுக்குப் பின்னால் ஒட்டும் பேட்சைப் பாதியாக வெட்டிப் பையனுக்கு ஒட்டலாமா?

கோவை மீனா

பள்ளி விடுமுறையில் கோவையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறோம். இரவு பஸ்ஸில் நாகப்பட்டினம், அங்கிருந்து காலையில் காங்கேசன்துறைக்குக் கப்பல். கடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்கிறார்கள். மூத்தவனுக்கு எட்டு வயது. வால்பாறைக்குப் போனபோது ஆழியாறைத் தாண்டியதும் ஆரம்பித்து, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை வாந்தி எடுத்தான். ஏறுவதற்கு முன்பே ஆன்டான்செட்ரான் சிரப் கொடுத்திருந்தோம், ஒரு பயனும் இல்லை. சின்னவளுக்கு ஒன்றரை வயது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். மாமனாருக்கு அறுபத்தாறு வயது, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறார்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பேட்ச் இரண்டு கொடுத்தார். காதுக்குப் பின்னால் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யுமாம். ஒன்றை மாமனாருக்கு ஒட்டிவிட்டு, மற்றொன்றைப் பாதியாக வெட்டிப் பையனுக்கு ஒட்டலாமா? நானும் கணவரும் மாத்திரை போட்டுக்கொள்ளலாம், ஆனால் நான் தூங்கிவிட்டால் சின்னவளை யார் பார்ப்பது?

மலைப்பாதை ஓட்டுநர்

தங்கச்சி, மருந்து எனக்குத் தெரியாது, பஸ் தெரியும். வாந்தி எடுக்கும் பிள்ளைகளைப் பெரும்பாலும் கடைசி சீட்டில்தான் உட்கார வைக்கிறார்கள், மற்றவர்கள் மேல் படக்கூடாது என்று. பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் பகுதி அது. வளைவில் திரும்பும்போது முன்னால் இருப்பவர்கள் ஓரடி நகர்ந்தால் அங்கே இருப்பவர்கள் மூன்றடி வீசப்படுவார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் இடையில், ஓட்டுநருக்கு இரண்டு மூன்று வரிசை பின்னால் உட்கார வையுங்கள், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிய வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கிவிடுங்கள். மலை ஏறும்முன் பரோட்டா சால்னா வாங்கிக் கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றிலும் கூட்டிவராதீர்கள். இரண்டு இட்லி போதும்.

கோவை முதல் நாகை வரை சமவெளிதான். இரவில் பையன் தூங்கிவிடுவான். உங்கள் சிக்கல் கப்பலில்தான்.

இலண்டன் யாழ்ப்பாணத்தான்

மீனா, அந்தப் பேட்ச் அருமையான சாமான். இங்கே டோவரிலிருந்து பிரான்சுக்குக் கப்பலில் போகும்போது நான் அதைத்தான் ஒட்டுவேன். வாய் கொஞ்சம் காயும், அவ்வளவுதான். மகளுக்குப் பாதி வெட்டி ஒட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டாம்.

கடைமேசை

தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், மருந்தாளுநர். மேலே சொன்னதை உடனே மறுக்க வேண்டியிருக்கிறது. வெட்டாதீர்கள்.

அந்தப் பேட்சில் இருப்பது ஹையோசின், ஸ்கோபாலமின் என்றும் சொல்வார்கள். உள்ளே மருந்து ஒரு அடுக்கில் இருக்கிறது, அது தோலுக்குள் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை இன்னொரு மெல்லிய படலம் கட்டுப்படுத்துகிறது. மூன்று நாளில் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் உடலில் சேர வேண்டும். கத்தரிக்கோல் வைத்தால் வெட்டிய ஓரத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். பாதி பேட்ச் பாதி அளவைத்தான் தரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உறையிலேயே வெட்டக்கூடாது என்று போட்டிருக்கும்.

இது வெட்டுவதோடு முடியவில்லை. அமெரிக்காவில் இந்தப் பேட்ச் பெரியவர்களுக்கு மட்டும்தான். பிரிட்டனிலேயே பத்து வயதுக்குக் கீழ் இல்லை. குழந்தைகளுக்கு இந்த மருந்தால் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, பேச்சு தடுமாறுவது எல்லாம் வரலாம். இன்னொன்றும் இருக்கிறது. ஹையோசின் வியர்வையைக் குறைக்கும். வியர்க்காவிட்டால் உடல் சூடு இறங்காது. 2025 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தப் பேட்சுக்கு இதே காரணத்துக்காகத் தனி எச்சரிக்கை சேர்த்தது, பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று. கோடை விடுமுறையில் நாகப்பட்டினம் வெயிலில் சுங்கச் சோதனைக்கு வரிசையில் நிற்கப் போகிறீர்கள். எட்டு வயதுக்கும் அறுபத்தாறு வயதுக்கும் ஒட்ட நினைக்கிறீர்கள். இரண்டுமே தவறான ஆட்கள்.

மாமனாருக்கு வேறு தடையும் உண்டு. புராஸ்டேட் வீங்கியவருக்கு இந்த மருந்து சிறுநீரை அடைத்துவிடும். கடலில் இரண்டு மணி நேரம் கழித்து அடைத்துக்கொண்டால் அங்கே யாரும் குழாய் போட முடியாது. கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவருக்கும் ஆகாது.

இலண்டன் யாழ்ப்பாணத்தான்

தம்பி, என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

கடைமேசை

நல்லது ஐயா. அவருக்கு அப்போது என்ன வயது?

இலண்டன் யாழ்ப்பாணத்தான்

பதினைந்து.

கடைமேசை

எட்டு வயதுக்கு அது சாட்சியாகாது.

வேதா

சந்தேகம். மருந்தின் பெயர் ஹையோசின் என்றால் பஸ்கோபானும் ஹையோசின்தானே? வயிற்று வலிக்கு வீட்டில் எப்போதும் இருக்கிறது. அதையே மாத்திரையாகப் போட்டுக்கொள்ளலாமே, பேட்ச் எதற்கு?

கடைமேசை

பெயரில் பாதிதான் ஒன்று. பஸ்கோபானில் இருப்பது ஹையோசின் பியூட்டைல்புரோமைடு. அது மூளைக்குள் போகாது, குடலைத் தளர்த்துவதோடு நின்றுவிடும். பயண வாந்தி தொடங்கும் இடம் மூளை. பஸ்கோபான் போட்டால் வாய் காயும், வாந்தி நிற்காது.

இதோடு சேர்த்து மீனா அவர்களின் ஆன்டான்செட்ரான் சிரப் ஏன் பயன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ‘வாந்தி மருந்து’ என்று ஒரே பெயரில்தான் கேட்கிறார்கள். வாந்தி வரும் வழி ஒன்றல்ல. கெட்டுப்போன உணவு, வயிற்றுக் கிருமி, புற்றுநோய் மருந்து இவற்றால் வரும் வாந்தியில் குடலிலிருந்து செரோடோனின் வழியாகச் செய்தி போகிறது. ஆன்டான்செட்ரான் அந்த வழியை அடைக்கிறது. பயணத்தில் நடப்பது வேறு. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது, பஸ்ஸுக்குள் புத்தகத்தையோ முன்சீட்டையோ பார்க்கும் கண் ‘அசையாமல் இருக்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பாடு ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் வழியாக வாந்தி மையத்துக்குப் போகிறது. அங்கே ஆன்டான்செட்ரானுக்கு வேலை இல்லை. டோம்பெரிடோனும் அப்படித்தான். மேலே குழாயைத் திறந்துவிட்டுக் கீழே தரையைத் துடைப்பது போன்றது அது.

பையனுக்கு மருந்து கொடுக்காமல் இல்லை. வேறு வாந்திக்கான மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

கடைமேசை சொல்வது தடுப்பு மருந்தாகக் கொடுப்பதற்குச் சரி. ஆனால் வாந்தி பல முறை எடுத்துத் தளர்ந்து வரும் குழந்தைக்கு, காரணம் பயணமாகவே இருந்தாலும், எங்கள் வார்டில் மருத்துவர்கள் ஆன்டான்செட்ரான் கொடுக்கிறார்கள், வாந்தி நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

கடைமேசை

அதில் மருந்தால் நின்றது எவ்வளவு, ஆடாத கட்டிலில் படுத்ததால் நின்றது எவ்வளவு? ஆஸ்பத்திரிக்கு வந்த உடனேயே ஆட்டம் நின்றுவிட்டதே.

குழந்தைகள் வார்டு செவிலியர்

இருக்கலாம். ஆனாலும் ‘வேலையே இல்லை’ என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

சின்னத்தாயி பேத்தி

என் கணவர் தலைச்சுற்றலுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார், அட்டையில் சின்னரிசின் 20, டைமென்ஹைட்ரினேட் 40 என்று இருக்கிறது. இது பயணத்துக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகளுக்கு ஆறு வயது. பாதி கொடுக்கலாமா? கொடைக்கானல் போகிறோம்.

கடைமேசை

பக்கத்து வீட்டார் பாதி சரி. இரண்டுமே பயண வாந்திக்கு வேலை செய்யும் மருந்துகள்தான். ஆனால் அந்தக் கூட்டு மாத்திரை பெரியவர்களின் தலைச்சுற்றலுக்காகச் செய்தது. பிள்ளைக்கு ஒரு மருந்து போதும்போது இரண்டை ஏன் தருகிறீர்கள்? தூக்கம் இரண்டு மடங்காகும். உங்கள் கணவரும் கொடைக்கானலுக்கு என்று தனியாக அவோமின் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவர் ஏற்கெனவே அந்த வகை மருந்தில்தான் இருக்கிறார். அவர்தான் காரை ஓட்டப் போகிறாரா?

சின்னத்தாயி பேத்தி

ஆமாம், அவர்தான் ஓட்டுவார். தினமும் போடுவதால் பழகிவிட்டது என்கிறார்.

மலைப்பாதை ஓட்டுநர்

பழகிவிட்டது என்பவர்களைத்தான் தடுப்புச் சுவரில் பார்த்திருக்கிறேன். வத்தலக்குண்டில் ஒரு ஓட்டுநரைப் பிடித்துக்கொள்ளுங்கள் தாயே. ஓட்டுபவருக்குப் பொதுவாக வாந்தியே வராது, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும். அவர் போடுவது வேறு நோய்க்கு என்பது புரிகிறது. ஆனால் அந்த மருந்தோடு மலை இறங்கலாமா என்று கொடுத்த டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

கோவை மீனா

சரி, பேட்ச் வேண்டாம். அப்படியானால் பையனுக்கு எதைக் கொடுப்பது? அவோமின் கொடுத்தால் நாள் முழுவதும் தூங்கி வழிவான் என்று அம்மா சொல்கிறார். தூக்கம் வராத மாத்திரை எதுவும் இல்லையா? சளிக்குக் கொடுக்கும் செட்டிரிசினும் ஹிஸ்டமினுக்கு எதிரான மருந்துதானே, அது தூக்கம் தராதே?

கடைமேசை

நல்ல கேள்வி, விடைதான் உங்களுக்குப் பிடிக்காது. செட்டிரிசின் தூக்கம் குறைவாகத் தருவதற்குக் காரணம், அது மூளைக்குள் மிகக் குறைவாகவே போகிறது. பயண வாந்திக்கு அது பயன்படாததற்கும் அதே காரணம்தான். மூளைக்குள் போய் ஹிஸ்டமினை அடைக்கும் பழைய தலைமுறை மருந்துகள்தான் வாந்தியைத் தடுக்கும், அவையே தூக்கத்தையும் தரும். ஆகவே தூக்கமே வராத மாத்திரையைத் தேடாமல், வரும் தூக்கத்தை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

உங்கள் பயணம் அதற்கு வாகாக அமைந்திருக்கிறது. அவோமினில் இருப்பது புரோமெத்தசின் தியோகிளேட், 25 மில்லிகிராம். மெதுவாக வேலை செய்து நீண்ட நேரம் நிற்கும். நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு படுக்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் முறை. ஐந்து முதல் பத்து வயதுக்குள் பாதி மாத்திரை, அதாவது 12.5. பத்தைத் தாண்டினால் ஒரு முழு மாத்திரை. ஐந்துக்குக் கீழே நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

இரவு ஒன்பது மணிக்கு பஸ் என்றால் எட்டு மணிக்கு இரண்டு இட்லிக்குப் பிறகு பாதி மாத்திரை. தூக்கம் கரூரிலும் திருச்சியிலும் கழிந்துவிடும். காலையில் கப்பல் கிளம்பும்போது மருந்து இன்னும் உடலில் இருக்கும், கலக்கத்தின் உச்சம் தாண்டியிருக்கும். காலையில் ‘இன்னொரு பாதி போட்டால் நல்லது’ என்று தோன்றும். போடாதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு முறைதான்.

திரும்பி வரும்போது கப்பல் மட்டும் பகலில். அதற்கு டைமென்ஹைட்ரினேட் பொருந்தும், ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் ஆறு மணி நேரம்வரை நிற்கும். ஆறிலிருந்து பதினொரு வயதுக்கு ஒரு வேளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம். நான் 25இல் தொடங்கச் சொல்வேன். இரண்டு மருந்தையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது.

பையனுக்கு வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, வேறு தினசரி மருந்து ஏதாவது இருந்தால் நான் எழுதியதை மறந்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் அடுத்த முறை போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நூர்ஜஹான் சேலம்

ஒன்றை யாரும் சொல்லவில்லை. என் மகனுக்கு இந்த வகை மருந்து தூக்கம் தரவில்லை, நேர்மாறாக. ஏற்காடு போய்ச் சேரும்வரை சீட்டில் ஏறி இறங்கி, சிரித்து, கத்தி, கடைசியில் அழுது எங்களைப் படுத்திவிட்டான். அளவு சரியாகத்தான் கொடுத்தோம்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

அது நடக்கும் அம்மா. சில குழந்தைகளுக்கு இந்த மருந்துகள் தூக்கத்துக்குப் பதில் பரபரப்பைத் தரும். எந்தக் குழந்தைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிகமாகக் கொடுத்ததால்தான் என்றும் நினைக்க வேண்டாம், சரியான அளவிலும் வரும். பரபரப்பாக இருக்கிறானே என்று இன்னொரு பாதியைக் கொடுத்துத் தூங்கவைக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. உங்கள் மகனுக்கு மறுபடியும் அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள், மருத்துவச் சீட்டிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மீனா, அதனால்தான் சொல்கிறேன், பயண நாளில் முதல் முறையாகக் கொடுக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டில் அதே பாதி மாத்திரையைக் கொடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எத்தனை மணிக்குத் தெளிவாக எழுகிறான், குடிக்க ஓயாமல் தண்ணீர் கேட்கிறானா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறானா என்று பாருங்கள்.

கடைமேசை

இதில் நான் உடன்படவில்லை. பயணம் இல்லாத நாளில் ஆரோக்கியமான பிள்ளைக்கு மருந்து எதற்கு? ஒரு வேளை என்றாலும் தேவையில்லாத வேளைதான்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

நடுக்கடலில் முதல் முறையாகத் தெரிந்துகொள்வதைவிட மேல் என்பது என் எண்ணம். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம்.

மண்வாசம்

இத்தனை ரசாயனம் எதற்கு என்று கேட்கிறேன். நம் பாட்டிகள் இஞ்சி மொரப்பாவும் எலுமிச்சம்பழமும் கொண்டு போனார்கள். நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்தார்கள். பேட்ச்தான் வேண்டும் என்றால் இணையத்தில் மூலிகைப் பேட்ச் கிடைக்கிறது, தொப்புளில் ஒட்டுவது. முழுக்க இயற்கை, குழந்தைக்கும் ஒட்டலாம், தூக்கம் வராது. நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கடைமேசை

இஞ்சியை நான் பழிக்கமாட்டேன். சில ஆய்வுகளில் குமட்டலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, சிலவற்றில் எதுவும் இல்லை. மொரப்பாவைக் கையில் வைத்திருங்கள், நாற்பது வளைவுக்கும் அதை மட்டுமே நம்பாதீர்கள். எலுமிச்சை வாசனை டீசல் நாற்றத்தை மறைக்கும், சிலருக்கு அது போதும்.

தொப்புள் பேட்ச் வேறு கதை. மீனாவுக்கு நண்பர் கொடுத்தது மருந்துள்ள பேட்ச். நீங்கள் சொல்வதில் பெரும்பாலும் இஞ்சி, கற்பூர வகை எண்ணெய்தான் இருக்கிறது. இரண்டும் ‘பேட்ச்’ என்ற ஒரே பெயரில் விற்பதால், ஒன்றைப் பற்றி எழுதிய பாராட்டைப் படித்து மற்றொன்றை வாங்குகிறார்கள். இதில் ‘தூக்கம் வராது’ என்பது உண்மைதான். தூக்கம் வரவைக்கும் எதுவும் அதில் இல்லை. வாந்தியைத் தடுக்கும் மருந்தும் அதே காரணத்தால் இல்லை. உறையின் பின்னால் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கற்பூரம் இருந்தால் சின்னக் குழந்தைக்கு ஒட்டவே ஒட்டாதீர்கள்.

மண்வாசம்

எங்களுக்கு வேலை செய்கிறது. உங்களுக்கு வியாபாரம் கெடுகிறது போலும்.

கடைமேசை

அவோமின் பாதி மாத்திரையின் விலை தெரிந்துகொண்டு பேசுங்கள் நண்பரே. அந்தத் தொப்புள் பேட்சில்தான் எனக்கு இலாபம் அதிகம்.

இலண்டன் யாழ்ப்பாணத்தான்

பேட்சைப் பற்றி எனக்கும் ஒரு சந்தேகம். போன முறை ஒட்டியபோது என் வலது கண் மட்டும் மங்கலாக இருந்தது. மனைவி பார்த்துவிட்டு ஒரு கண்மணி பெரிதாக இருக்கிறது என்று பயந்துபோனாள். பக்கவாதம் என்று அவசர சிகிச்சைக்கே போய்விட்டோம். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை.

கடைமேசை

பேட்சை ஒட்டிய பிறகு கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விரலில் ஒட்டிய மருந்து கண்ணில் பட்டால் அந்தக் கண்மணி மட்டும் விரியும், பிறகு தானாகச் சரியாகும். ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் சரி. தலைவலி, கண்சிவப்பு, வலி சேர்ந்தால் அது திடீர் கண் அழுத்தமாகவும் இருக்கலாம், வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. ஒட்டும்போதும் கழற்றும்போதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கழற்றியதும் காதுக்குப் பின்னாலும் கழுவுங்கள். ஏறுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். கழற்றியதைப் பிசின்பக்கம் உள்ளே மடித்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். பயன்படுத்தியதிலும் மருந்து மிச்சம் இருக்கும்.

உங்கள் வயது அறுபதைத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் அடுத்த முறை ஒட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

இலண்டன் யாழ்ப்பாணத்தான்

அறுபத்திரண்டு. கேட்கிறேன்.

கோவை மீனா

சின்னவளுக்கு? ஒன்றரை வயது என்று எழுதியிருந்தேன். தோழி ஒருத்தி, புரோமெத்தசின் சிரப் கால் ஸ்பூன் கொடுத்தால் பஸ் முழுவதும் தூங்கிவிடும், எல்லோருக்கும் நிம்மதி என்கிறாள்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

கூடவே கூடாது. இரண்டு வயதுக்குள் புரோமெத்தசின் மூச்சை அடக்கிவிடும். இறந்த குழந்தைகள் உண்டு, அமெரிக்காவில் 2004 முதல் உறையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு குறைவது மடியில் வைத்திருப்பவருக்கும் தெரியாது, பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்றுதான் தோன்றும். கால் ஸ்பூன் என்பதும் ஓர் அளவே இல்லை, எந்த ஸ்பூன் என்று யார் சொல்வது?

அவளுக்கு மருந்தே வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே பயண வாந்தி அரிது. அது கூடுதலாக வருவது ஆறேழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. உங்கள் மூத்தவன் உச்சத்தில் இருக்கிறான், சின்னவள் இன்னும் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் வாந்தி எடுத்தால் காய்ச்சலா, காதுவலியா, பால் ஒத்துக்கொள்ளவில்லையா என்று பாருங்கள்.

நீங்கள் தாய்ப்பால் கொடுப்பதால் உங்களுக்கும் ஒன்று. நீங்கள் புரோமெத்தசின் எடுத்தால் கொஞ்சம் பாலில் போகும், குழந்தை சோர்ந்து தூங்கலாம். உங்களுக்கு வாந்தி வரும் வழக்கம் உண்டா?

கோவை மீனா

வால்பாறையில் வந்ததில்லை. பயத்தில்தான் கேட்டேன்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

அப்படியானால் எதையும் போடாதீர்கள். பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு வந்தால் அவர் போட்டுக்கொண்டு தூங்கட்டும். பையனுக்குச் சளி பிடித்திருந்தால் சளி சிரப்பை அந்த நாள் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சிரப்பில் குளோர்பெனிரமின் இருக்கிறது, அதுவும் இதே குடும்பம்தான். சிரப்பும் பாதி மாத்திரையும் சேர்ந்து எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடந்த பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன்.

கடைமேசை

மாமனாரைப் பற்றி ஒரு கேள்வி பாக்கி. அவருக்கு பஸ்ஸில் வாந்தி வருமா?

கோவை மீனா

வாழ்நாளில் வந்ததில்லையாம். ஆனால் கப்பல் என்றதும் எல்லோரும் பயமுறுத்திவிட்டார்கள்.

கடைமேசை

அப்புறம் எதற்கு மருந்து? வயது ஏற ஏற இது குறையும். அவோமினும் சிறுநீரை அடைக்கும் குணம் உள்ளதுதான், புராஸ்டேட் மாத்திரை எடுப்பவருக்கு நான் கடை மேசையிலிருந்து கொடுக்கமாட்டேன். அவர் அவசியம் வேண்டும் என்றால் அவருடைய சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். கப்பலில் நடுப்பகுதியில், இயன்றவரை கீழ்த்தளத்தில் இடம் பாருங்கள். மேலேயும் முனையிலும்தான் ஆட்டம் அதிகம். சன்னல் ஓரத்தில் அடிவானம் தெரிய வேண்டும், தலையைச் சீட்டில் சாய்த்து அசையாமல் வைக்கட்டும். பையனுக்கும் அதேதான்.

பையன் வாந்தி எடுத்த பிறகு மாத்திரை கொடுப்பதில் பயன் இல்லை. குமட்டல் தொடங்கியதுமே வயிறு சுருங்கி விரிவது மந்தமாகிவிடும், விழுங்கியது அங்கேயே கிடக்கும், அடுத்த வாந்தியில் வெளியே வரும். முகம் வெளுப்பது, கொட்டாவி, எச்சில் ஊறுவது, குளிர்ந்த வியர்வை, இவை முதலில் வரும். அப்போதே அடிவானத்தைப் பார்க்க வையுங்கள், பை கையில் இருக்கட்டும். மாத்திரை கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, மறுபடியும் கொடுத்து ஈடுசெய்ய முயல வேண்டாம்.

மலைப்பாதை ஓட்டுநர்

பையை இரண்டாக வையுங்கள், ஒன்றுக்குள் ஒன்று. கட்டி வைக்க ரப்பர் பேண்டு. மருந்தைவிட இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கோவை மீனா

குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டோம். அவோமின் பாதி மாத்திரைக்குச் சம்மதித்தார். வீட்டில் முன்கூட்டி ஒரு இரவு கொடுத்துப் பார்ப்பதை ‘உங்கள் விருப்பம்’ என்று விட்டுவிட்டார். மாமனார் தனக்கு எதுவும் வேண்டாம், இஞ்சி மொரப்பா போதும் என்று சொல்லிவிட்டார். பேட்ச் இரண்டையும் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதில் ஒன்றைத் தன் அம்மாவுக்கு ஒட்டப் போவதாகச் சொல்கிறார், எழுபது வயது.

கடைமேசை

அவரை இந்த இழையைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் அம்மாவுக்குக் கண் அழுத்தம் உண்டா என்றும் கேளுங்கள், இன்றைக்கே.

ரம்யா கும்பகோணம்

நான் மூன்று மாதக் கர்ப்பிணி. சென்னைக்கு இரவு பஸ்ஸில் போக வேண்டும். மசக்கைக்குக் கொடுத்த டாக்ஸிலமின் மாத்திரை இருக்கிறது. அதோடு அவோமினும் சேர்த்துப் போடலாமா?

கடைமேசை

சேர்க்காதீர்கள் அம்மா. டாக்ஸிலமினும் தூக்கம் தரும் அதே வகை. இருக்கும் மாத்திரையையே பயண இரவில் எப்போது போடுவது என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிக்கு இங்கிருந்து நான் அளவு சொல்லமாட்டேன்.